ரோட்டில் போலீஸ் நிறுத்தினால்: எதைக் காட்ட வேண்டும், எதை எடுத்துக்கொள்ளலாம், பதிலுக்கு என்ன சீட்டு தர வேண்டும்

இந்தியாவில் வாகனச் சோதனைக்கு அடிப்படை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளும்தான். 2019-இல் சட்டம் பெரிய அளவில் திருத்தப்பட்டது. என்னிடம் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல், "என் பொருளை எடுத்துக்கிட்டாங்க, எடுக்கலாமா?" என்பதைச் சுற்றியே இருக்கின்றன. அதனால் இந்தப் பக்கத்தில் ஆவணம், சாவி, வண்டி ஆகியவற்றை எடுப்பது பற்றித்தான் அதிகம் சொல்லியிருக்கிறேன்.

கான்ஸ்டபிள் நிறுத்தினால் லைசென்ஸைக் காட்டணுமா? எஸ்.ஐ. தானே கேட்கணும்?

காட்ட வேண்டும். சட்டத்தின் 130-ஆம் பிரிவு "சீருடையில் உள்ள எந்தக் காவல் அலுவலரும்" என்றுதான் சொல்கிறது. பதவி முக்கியமில்லை, சீருடைதான் முக்கியம். சாதாரண உடையில் ஒருவர் வந்து கேட்டால் அந்தப் பிரிவு அவருக்குப் பொருந்தாது. அடையாள அட்டையைக் காட்டச் சொல்லலாம், பக்கத்தில் நிற்கும் சீருடைக்காரரிடம் காட்டுகிறேன் என்றும் சொல்லலாம்.

எஸ்.ஐ. என்ற பேச்சு வருவது அபராதத்தில். ரோட்டிலேயே பணம் வாங்கி வழக்கை முடிப்பதற்கு 'இணக்கக் கட்டணம்' என்று பெயர். அதை வாங்கும் அதிகாரம் 200-ஆம் பிரிவின்படி மாநில அரசு அறிவிக்கையில் குறிப்பிட்டிருக்கும் பதவிக்காரர்களுக்கு மட்டுமே உண்டு. வழக்கமாக அது எஸ்.ஐ. நிலையிலிருந்துதான் தொடங்கும். ஆக, கான்ஸ்டபிள் லைசென்ஸைக் கேட்டால் காட்டுங்கள். பணம் கேட்டால் செலானைக் கேளுங்கள்.

என்னென்ன காட்டணும்? போனில் இருந்தால் போதுமா?

லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று. வாடகை வண்டி, சரக்கு வண்டி என்றால் தகுதிச் சான்றும் பெர்மிட்டும் சேர்த்து. இந்தப் பட்டியல் மத்திய விதிகளில் 139-ஆம் விதியில் இருக்கிறது.

போனில் இருந்தால் போதும். ஆனால் எப்படி இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகனிலோ அரசுத் தரவிலிருந்து இறக்கப்பட்ட ஆவணம் அட்டைக்குச் சமம். லைசென்ஸைப் போட்டோ எடுத்து கேலரியில் வைத்திருப்பதும் வாட்ஸ்அப்பில் வந்த படமும் அந்தக் கணக்கில் சேராது. பலரும் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். கேலரிப் படத்தைக் காட்டிவிட்டு, "டிஜிட்டல் காப்பி செல்லும்னு அரசே சொல்லியிருக்கு" என்று வாதாடுவார்கள். எதிரில் நிற்பவர் மறுக்கும்போது அந்த ஒரு விஷயத்தில் சட்டம் அவர் பக்கம் இருக்கும்.

2020 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தம் இன்னும் ஒரு படி போகிறது. ஆவணத்தின் விவரத்தை மின்னணு முறையில் சரிபார்த்துவிட்டால் அட்டையைக் கேட்கவே கூடாது. ஆவணத்தைப் பறிமுதல் செய்ய வேண்டிய குற்றமாக இருந்தாலும் இதே விதிதான். சோதனை நடந்த நேரமும் சோதித்தவர் யார் என்பதும் போர்ட்டலில் பதிவாக வேண்டும் என்றும் அதே திருத்தம் சொல்கிறது. பின்னால் தகராறு வந்தால் இந்தப் பதிவு உதவும்.

போனைத் திறந்து திரையைக் காட்டினால் போதும், கையில் கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் போனுக்குள் படங்களையோ செய்திகளையோ புரட்டிப் பார்க்க வாகனச் சட்டம் யாருக்கும் அதிகாரம் தரவில்லை.

லைசென்ஸ் வீட்டில் இருக்கு, போனும் ஆஃப். 5,000 ரூபாய் என்கிறார்கள். சரியா?

பெரும்பாலும் சரியில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

'லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவது' வேறு, 'லைசென்ஸைக் கையில் வைத்திருக்காமல் இருப்பது' வேறு. முதலாவது 3-ஆம் பிரிவை மீறுவது. 181-ஆம் பிரிவின்படி 5,000 ரூபாய். இரண்டாவது ஆவணத்தைக் காட்டாதது. முதல் முறை என்றால் 177-ஆம் பிரிவின்படி 500 ரூபாய் வரைதான். 139-ஆம் விதி இதற்கு வழியும் வைத்திருக்கிறது. கையில் இல்லாத ஆவணத்தின் சான்றொப்பமிட்ட நகலைக் கேட்ட அதிகாரியிடம் நேரில் கொடுக்கலாம், அல்லது 15 நாளுக்குள் பதிவுத் தபாலில் அனுப்பலாம். 130-ஆம் பிரிவின் நான்காவது உட்பிரிவு, அப்படிக் கொடுத்தாலே சட்டத்துக்குக் கீழ்ப்படிந்ததாகக் கருத வேண்டும் என்கிறது.

என் தம்பிக்கு நடந்ததைச் சொல்கிறேன். சாயங்கால நேரம். வேறு பையை மாட்டிக்கொண்டு பைக்கில் கிளம்பியிருக்கிறான், பர்ஸ் வீட்டில். போனில் சார்ஜ் இல்லை. சோதனையில் நிறுத்தினார்கள். ஆர்.சி. புக் சீட்டுக்கு அடியில் இருந்தது, அதைக் காட்டினான். லைசென்ஸ் இல்லை என்றதும் ஒருவர் கையை நீட்டிச் சாவியை உருவிக்கொண்டார். இன்னொருவர் செலான் மெஷினில் 'லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது' என்பதைத் தட்டப் போனார்.

தம்பி சத்தம் போடவில்லை. "சார், லைசென்ஸ் இருக்கு, வீட்டுல விட்டுட்டு வந்துட்டேன். நம்பர் சொல்றேன், மெஷின்ல அடிச்சுப் பாருங்க" என்றான். பக்கத்தில் நின்ற ஒருவரிடம் போன் வாங்கி அம்மாவை அழைத்தான். அம்மா அட்டையைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக நம்பரை வாசித்தார். அதிகாரி அடித்ததும் திரையில் தம்பியின் பெயர், போட்டோ, எந்த வகை வண்டி ஓட்டலாம், எந்தத் தேதி வரை செல்லும் என்று எல்லாமே வந்துவிட்டது. அதற்குப் பிறகு 3-ஆம் பிரிவுக்கு இடமே இல்லை. ஆவணம் காட்டாததற்கு 500 ரூபாய்க்குச் செலான் போட்டார்கள், சாவி திரும்பி வந்தது. அன்றைக்கு அவனைக் காப்பாற்றியது அந்த நம்பர்தான். உங்கள் லைசென்ஸ் நம்பரை ஒரு தாளில் எழுதி ஆர்.சி.யோடு இன்றைக்கே வைத்துவிடுங்கள்.

அவசரத்தில் தவறான பிரிவில் செலான் போட்டுவிட்டால் அங்கேயே கட்ட வேண்டாம். கட்டிவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டு வழக்கை முடித்ததாகிவிடும். செலானில் குற்றத்தின் பெயரும் பிரிவு எண்ணும் இருக்கும், முதலில் அதைப் படியுங்கள். 181 என்று இருந்தால், உங்களிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்கும்போது அது தவறு. நீதிமன்றத்தில் லைசென்ஸைக் காட்டிச் சொல்லிக்கொள்ளலாம்.

சாவியைப் பிடுங்கலாமா?

வாகனச் சட்டத்தில் சாவியை எடுக்க அதிகாரம் தரும் பிரிவு எதுவும் இல்லை. சட்டம் பேசுவது ஆவணத்தைப் பறிமுதல் செய்வதையும் வண்டியைப் பிடித்து வைப்பதையும்தான். வண்டியையே சட்டப்படி பிடித்து வைத்தால் சாவியும் கூடவே போகும், அது வேறு விஷயம். சோதித்து முடிக்கும் வரை நீங்கள் ஓடிவிடாமல் இருக்கச் சாவியை உருவுவது பழக்கத்தில் வந்ததுதான், அதற்குச் சட்டத்தின் பலம் கிடையாது.

ஆனால் கையைத் தட்டிவிடுவதும் சாவிக்காக இழுபறி செய்வதும் வேண்டவே வேண்டாம். அரசு ஊழியரைக் கடமை செய்யவிடாமல் தடுத்ததாக பாரதிய நியாய சன்ஹிதாவின் 221-ஆம் பிரிவும், கை பட்டுவிட்டால் 132-ஆம் பிரிவும் உங்கள் மேல் திரும்பும். 500 ரூபாயில் முடிய வேண்டியது கிரிமினல் வழக்காக மாறுவது இப்படித்தான். "சார், வண்டியை சீஸ் பண்றீங்களா? பண்றதா இருந்தா எந்தப் பிரிவுன்னு எழுதிக் கொடுத்துடுங்க" என்று கேளுங்கள். பெரும்பாலும் சாவி திரும்பி வரும்.

லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். எப்போது வைத்துக்கொள்ளலாம்?

206-ஆம் பிரிவின்படி மூன்று சூழ்நிலைகளில்தான் முடியும்.

ஒன்று, அந்த ஆவணமோ நம்பர் பிளேட்டோ போலி என்று நம்பக் காரணம் இருந்தால்.

இரண்டாவது, நீங்கள் சம்மனுக்கு வராமல் தப்பிவிடுவீர்கள் என்று நம்பக் காரணம் இருந்தால். அப்போது லைசென்ஸை எடுத்து நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். ஆனால் ஒரு தற்காலிக ஒப்புகைச் சீட்டைத் தந்தே ஆக வேண்டும். லைசென்ஸ் திரும்பி வரும் வரையோ சீட்டில் எழுதியிருக்கும் தேதி வரையோ, எது முந்துகிறதோ அது வரை அந்தச் சீட்டை வைத்து வண்டி ஓட்டலாம்.

மூன்றாவது, 2019 திருத்தத்தில் சேர்ந்த நான்காவது உட்பிரிவு. அதிவேகம், ஆபத்தான ஓட்டம், குடித்துவிட்டு ஓட்டியது, ஹெல்மெட் போடாதது, இரண்டு சக்கர வண்டியில் அதிக ஆள் ஏற்றியது, ஆம்புலன்ஸ் போன்ற அவசர வண்டிக்கு வழி விடாதது போன்ற சில குற்றங்களில் லைசென்ஸை எடுத்து, வழங்கிய அலுவலகத்துக்கே (நாம் ஆர்.டி.ஓ. என்று சொல்வது) அனுப்ப வேண்டும். இதற்கும் ஒப்புகைச் சீட்டு உண்டு. ஆனால் இந்தச் சீட்டை வைத்துக்கொண்டு வண்டி ஓட்ட முடியாது. சட்டமே அப்படித்தான் சொல்கிறது.

இந்த இரண்டு சீட்டுக்கும் உள்ள வித்தியாசம் நிறையப் பேருக்குத் தெரியவில்லை. கையில் சீட்டு இருக்கிறதே என்று மறுநாள் வண்டியை எடுத்து, அடுத்த சோதனையில் இன்னொரு வழக்கு வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். சீட்டு வாங்கும்போதே 206(2)-ஆ, 206(4)-ஆ என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஹெல்மெட்டுக்கு 1,000 ரூபாய் கட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம். அபராதம் கட்டினாலும் 206(4) நடவடிக்கை நிற்காது என்று 200-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. லைசென்ஸைத் தகுதியிழக்கச் செய்யும் முடிவைச் சோதனை செய்த போலீஸ் எடுக்க முடியாது. அது லைசென்ஸ் வழங்கும் அலுவலகத்தின் வேலை, அவர்களும் உங்கள் தரப்பைக் கேட்ட பிறகுதான் முடிவெடுக்க வேண்டும். அங்கிருந்து நோட்டீஸ் வந்தால் அலட்சியம் செய்யாமல் போய்ப் பதில் சொல்லுங்கள்.

வண்டியையே தூக்கிக்கொண்டு போகலாமா?

போகலாம், ஆனால் 207-ஆம் பிரிவில் சொன்ன காரணங்களுக்குத்தான். ஓட்டுபவருக்கு லைசென்ஸ் இல்லை, வயது போதாது, வண்டி பதிவு செய்யப்படவில்லை, பெர்மிட் தேவைப்படும் வண்டி அது இல்லாமல் ஓடுகிறது அல்லது பெர்மிட்டின் முக்கிய நிபந்தனையை மீறுகிறது. காரணம் லைசென்ஸ் இல்லாதது, வயது போதாதது, பெர்மிட் இல்லாதது ஆகியவற்றில் ஒன்று என்றால், வண்டிக்குப் பதிலாக ஆர்.சி.யை மட்டும் எடுத்துக்கொண்டு ஒப்புகைச் சீட்டு தரவும் அதே பிரிவு இடம் தருகிறது. குடும்பத்தோடு நடுவழியில் நிற்கிறீர்கள், லைசென்ஸ் உள்ள இன்னொருவர் கூட இருக்கிறார் என்றால் இதைக் கேட்டுப் பாருங்கள். தர வேண்டும் என்ற கட்டாயமில்லை, ஆனால் தரலாம்.

அந்தப் பட்டியலில் இன்சூரன்ஸும் புகைச் சான்றும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இன்சூரன்ஸ் காலாவதி என்றால் 196-ஆம் பிரிவின்படி 2,000 ரூபாய் அபராதமோ 3 மாதம் வரை சிறையோ வரலாம், சாதாரண விஷயம் இல்லை. ஆனால் அதை மட்டும் காரணம் காட்டி 207-இன் கீழ் வண்டியைப் பிடித்து வைக்க முடியாது.

வண்டியை எடுத்தால் போவதற்கு முன் நான்கு பக்கமும், கிலோமீட்டர் காட்டும் இடத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்க முடியாததைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஸ்டெப்னியும் டூல் கிட்டும் காணாமல் போவது இந்தக் கட்டத்தில்தான். மீட்க வேண்டுமென்றால் உரிய ஆவணங்களோடு போக்குவரத்து அலுவலகத்திலோ இதற்கென அதிகாரம் பெற்ற அதிகாரியிடமோ மனுக் கொடுக்க வேண்டும். விபத்திலோ வேறு குற்ற வழக்கிலோ வண்டி சிக்கியிருந்தால் பாதை வேறு. நீதிமன்றத்தில் இடைக்கால விடுவிப்பு மனுப் போட வேண்டும், அதற்கு வக்கீல் தேவைப்படும்.

டிக்கியைத் திற என்கிறார்கள். திறக்கணுமா?

லைசென்ஸ் சோதனைக்கும் டிக்கிக்கும் சம்பந்தமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் பயணியின் பையையோ டிக்கியையோ பொதுவாகக் கிளறிப் பார்க்கும் அதிகாரம் இல்லை. அந்த அதிகாரம் போதைப்பொருள் சட்டம், மதுவிலக்குச் சட்டம், ஆயுதச் சட்டம் போன்றவற்றிலிருந்து வருகிறது. அங்கேயும் சந்தேகத்துக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். தேர்தல் காலத்தில் பறக்கும் படை பணம் இருக்கிறதா என்று பார்ப்பதும் தனி ஏற்பாடு.

எனவே, "என்ன சந்தேகத்தில் பார்க்கிறீங்க சார்?" என்று அமைதியாகக் கேட்கலாம். காரணம் சொன்னால் திறந்து காட்டுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருங்கள், யாரையும் தனியாக வண்டிக்குள் விட்டுவிட்டு ஒதுங்கி நிற்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு, பொருளைக் கைப்பற்றுவதையும் பட்டியல் போடுவதையும் சாட்சிகள் கையெழுத்திடுவதையும் வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. ஏதாவது கைப்பற்றப்பட்டால் பதிவு எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

உடம்பைச் சோதிப்பது இதைவிடக் கடுமையான விஷயம். போதைப்பொருள் சந்தேகத்தில் உங்கள் உடம்பைச் சோதிக்கப் போகிறார்கள் என்றால், கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில்தான் சோதிக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை அந்தச் சட்டத்தின் 50-ஆம் பிரிவில் உண்டு. பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும்.

குடித்திருக்கிறாயா என்று ஊதச் சொன்னால் மறுக்கலாமா?

மறுப்பதால் லாபமில்லை. 203-ஆம் பிரிவின்படி, குடித்திருக்கிறார் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் சீருடை அதிகாரி மூச்சுச் சோதனை கேட்கலாம். மறுத்தால், மது உடம்பில் இருப்பதாகச் சந்தேகிக்கக் காரணம் இருக்கும் பட்சத்தில், வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். புதுக் குழாய் மாட்டச் சொல்லுங்கள், திரையில் வரும் எண்ணையும் ரசீதையும் கேட்டுப் பாருங்கள்.

கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் விடுவிக்க வேண்டும் என்று 202-ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் கைதான நேரம் எழுதப்படுகிறதா என்று கவனியுங்கள். குடித்துவிட்டு ஓட்டுவது 185-ஆம் பிரிவுக் குற்றம், அது இணக்கக் கட்டணப் பட்டியலில் இல்லை, நீதிமன்றம் போயே ஆக வேண்டும். ரோட்டிலேயே ஒரு தொகை கொடுத்தால் இதை முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அவர் கேட்பது லஞ்சம்.

பணம் கையில் இல்லை. ஸ்பாட்டிலேயே கட்டியாகணுமா?

வேண்டாம். இணக்கக் கட்டணம் உங்கள் சம்மதத்தோடு நடப்பது. "செலானை என் பேரில் போடுங்க, பார்த்துக்கிறேன்" என்று சொல்லலாம். பிறகு echallan.parivahan.gov.in தளத்தில் வண்டி எண்ணை அடித்துப் பார்க்கலாம். ஒப்புக்கொண்டால் கட்டலாம், இல்லையென்றால் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். ஆனால் பெயர், முகவரி கேட்டால் சொல்ல வேண்டும். அதை மறுப்பவரைக் கைது செய்ய 202(2) இடம் தருகிறது.

வீடியோ எடுக்கலாமா?

பொது இடத்தில் நடப்பதைப் படம் எடுக்கத் தடை செய்யும் பொதுச் சட்டம் இல்லை. முகத்துக்கு நேரே போனை நீட்டாமல், வேலைக்குக் குறுக்கே நிற்காமல் எடுங்கள். கூட இருப்பவர் இரண்டடி தள்ளி நின்று எடுப்பது நல்லது. ஓட்டுபவரே எடுத்தால் பேச்சு சூடாகிவிடுகிறது.

லைசென்ஸை எடுத்துக்கொண்டு சீட்டு தர மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

அங்கே சண்டை போடாதீர்கள். சட்டையில் உள்ள பெயர்ப் பட்டையைப் பார்த்துப் பெயரை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இடம், நேரம், ரோந்து வண்டியின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே அந்த எல்லைக் காவல் நிலைய ஆய்வாளருக்கும், மாநகரம் என்றால் துணை ஆணையருக்கும் மாவட்டம் என்றால் காவல் கண்காணிப்பாளருக்கும், ஒரே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நீளமாக எழுத வேண்டாம். இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன இடத்தில் என் இன்ன எண்ணுள்ள லைசென்ஸ் எடுக்கப்பட்டது, 206-ஆம் பிரிவின்படி ஒப்புகைச் சீட்டு தரப்படவில்லை, சீட்டையோ லைசென்ஸையோ தரவும் என்று நான்கு வரி போதும்.

தபால் ரசீதையும் கடிதத்தின் நகலையும் வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சோதனையில் லைசென்ஸ் எங்கே என்று கேட்டால் டிஜிலாக்கரில் உள்ளதைக் காட்டி, இந்த நகலையும் சேர்த்துக் காட்டலாம். நான் பார்த்த அளவில், இப்படி எழுதியவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் நிலையத்திலிருந்து, "வந்து வாங்கிக்கிட்டுப் போங்க" என்று போன் வந்துவிடுகிறது.